முப்பத்து நான்கு லோகோஸ்

நவம்பர் 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. மாடியில் போட்ட துணி மொத்தமும் நனைந்துவிட்டது, மறுபடி அலச வேண்டும். முட்டி வலி. கேஸ் புக் செய்தாயிற்று.

பத்து மணிக்குக் கதிரவன் போன். பதிப்பாளர் என்றாலும் பேச்சில் அச்சகக்காரர்தான், எதையும் ஃபாரத்தில்தான், பதினாறு பதினாறு பக்கமாகத்தான், எண்ணுவார்.

"மேடம், இருபதாம் தேதி ஃபைல் கைக்கு வந்தாவணும். பிரஸ்ல இடம் புடிச்சி வச்சிட்டேன்."

லோகோஸ் என்ற கிரேக்க வார்த்தைக்குத் தமிழ் இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

"நீங்களே ஒரு வார்த்தயப் போட்டு முடிச்சிடுங்க மேடம். புஸ்தகம் முழுக்க அதே வார்த்த. பின்னாடி சொல்லடைவுல ஒரு வரி. லூர்து சார்கிட்ட இனிமே இன்னாத்த கேக்க முடியும், பேச்சே போயிடுச்சி."

அட்டையைப் பற்றியும் சொன்னார். மொழிபெயர்ப்பு என்று என் பெயர் மட்டும். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் "உதவி: லூர்துநாதன்". யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே மறுக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புத்தகம் பிரெஞ்சு. கிரேக்கச் சிந்தனைக்கு ஓர் அறிமுகம், ஏழு அத்தியாயம். முதல் மூன்று நான் செய்தேன். கிரேக்கம் நிறைய வரும் கடைசி நான்கு லூர்து. இளம் வயதில் குருமடத்தில் கிரேக்கம் படித்தவர், குருப்பட்டம் வாங்காமல் வெளியே வந்து, பிறகு முப்பது வருடம் பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் மாற்றிக் கொடுத்தே குடும்பம் நடத்தியவர். மார்ச்சில் பக்கவாதம். அதற்கு முன்பே நான்கு அத்தியாயத்தையும் முடித்துவிட்டார், ஒன்றைத் தவிர. லோகோஸ் வரும் இடத்திலெல்லாம் வெறும் λ. கிரேக்க எழுத்தில் அதன் முதல் எழுத்து. இன்று எண்ணினேன். முப்பத்து நான்கு.

வாங்க: சோப்பு, உளுந்து, குடைக்குக் கம்பி.


நவ. 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

ஒன்பது வருடச் சண்டை இது. ஆரம்பித்தது பார்க் பக்கத்து டீக்கடையில். நான் சொன்னது: கிரேக்கன் ஒரே வார்த்தையைத்தான் எல்லா இடத்திலும் போட்டான். நாமும் ஒன்றே போட வேண்டும். இடத்துக்கு இடம் மாற்றினால், அவன் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது படிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? லூ. சொன்னது: ஒன்றே போட்டால் பாதி வாக்கியம் உளறலாகிவிடும். உனக்கு வார்த்தை முக்கியமா, வாக்கியம் முக்கியமா என்பார். டீ ஆறிப் போகும். பேப்பர் படிக்க வருகிறவர் எங்கள் இருவரையும் பார்த்தால் தள்ளிப் போய் உட்காருவார்.

என் வார்த்தை "சொல்". தீர்மானமாக வைத்திருந்தேன்.

இன்று மத்தியானம் கணினியில் λ-வைத் தேடி "சொல்" என்று மாற்றக் கட்டளை கொடுத்தேன். ஒரு நொடி. 34 இடங்களில் மாற்றப்பட்டது என்று வந்தது. ஜெயித்துவிட்டேன். காபி போட்டுக்கொண்டேன்.

பிறகு வாசித்துப் பார்த்தேன்.

அத். 5, வடிவியல் பகுதி: "சதுரத்தின் பக்கத்துக்கும் அதன் மூலைவிட்டத்துக்கும் இடையே சொல் இல்லை." பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. அங்கே ஆசிரியர் சொல்வது விகிதம். பக்கம் எத்தனை, மூலைவிட்டம் எத்தனை என்று எந்த இரண்டு முழு எண்ணை வைத்தும் சொல்ல முடியாது. அந்த இல்லாமைக்குக் கிரேக்கத்தில் அலோகோஸ், லோகோஸ் அற்றது.

அத். 6: "குடிமகன் தான் செய்ததற்குச் சொல் கொடுக்க வேண்டும்." நம் ஊரில் சொல் கொடுப்பது என்றால் சத்தியம் செய்வது. அங்கே வேண்டியது நேர் எதிர்ப்பக்கம். நடந்து முடிந்த ஒன்றுக்குக் கணக்குச் சொல்வது, ஏன் செய்தாய் என்று கேட்டால் விளக்கம் தருவது.

அத். 7: "மனிதன் சொல் உடைய உயிர்."

இந்த இடத்தில் கணினியை மூடிவிட்டேன். லூர்துவிடம் இப்போது சொல் இல்லை. அவருடைய பிரதியில், அவர் வாக்கியத்தில், நான் இதைப் போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன். அவர் மறுக்கவும் முடியாது.

மாற்றியதையெல்லாம் திரும்ப λ ஆக்கினேன். அதற்கும் ஒரு நொடிதான்.

மார்ச்சுக்குப் பிறகு நான்கே தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். போனால் என்ன பேசுவது என்ற பயம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.


நவ. 13, வியாழன்

மூலக்குளம் போனேன். வில்லியனூர் ரோட்டில் முழங்கால் தண்ணி, பஸ் ஊர்ந்து போனது. நீள பிரெஞ்சு ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டேன், லூர்துவுக்கு ஓரம் மொறுமொறுவென்று இருக்க வேண்டும்.

கதவைத் திறந்தது அவர் மனைவி பிலோமினா. பல் ஆஸ்பத்திரியில் வேலை, இப்போது அரை நாள் மட்டும் போகிறாள்.

"வாக்கா. இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

ரொட்டியை நீட்டினேன்.

லூ. ஜன்னலோரம் நாற்காலியில். வலது கை மடியில் கிடக்கிறது. ஷேவ் பண்ணி, பவுடர் போட்டு, சட்டைப் பையில் பேனாகூட. என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. "தோ… தோ தோ." எதைச் சொல்ல வந்தாலும் இதுதான் வருகிறது. சில சமயம் "வுவாலா". பிரெஞ்சில் 'இதோ'. அது மட்டும் சுத்தமாக விழுகிறது, அதுவும் தானாக. கேட்டால் வராது.

பிலோமி சொன்னவை, மறக்காமல் இருக்க:
– நாம் பேசுவது புரிகிறது. வேகமாகவும் நீளமாகவும் பேசினால் தவறும்.
– தனி வார்த்தைகள், சின்ன வாக்கியங்கள் வாசிக்கிறார். நீளப் பத்தி கஷ்டம்.
– "ஆமா", "இல்ல" மாறி வருகிறது. வாய் ஆமா என்கும், தலை இல்லை என்று ஆடும். தலையைத்தான் நம்ப வேண்டும்.
– இடது கையால் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து. அதற்கு மேல் இல்லை.
– ஒன்று, இரண்டு, மூன்று என்று நாம் ஆரம்பித்தால் பத்து வரை சரளமாகச் சொல்கிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், அது வேறு வழி, பழக்கத்தில் வருவது என்றாளாம்.

பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, அவர் முன்னாலேயே: "பாவம், எம்மாம் படிச்சவரு. புத்தி பூரா போயிடுச்சே."

பிலோமி: "புத்திக்கு ஒண்ணும் ஆவலக்கா. பேச்சுதான்."

லூ. என்னைப் பார்த்தார். புருவத்தை ஒரு தடவை தூக்கினார். டீக்கடையில் நான் சிக்கிக்கொண்டால் தூக்குவாரே, அது. பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குப் பேச்சும் புத்தியும் ஒன்று. பிலோமிக்கு இரண்டு. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

λ பற்றிக் கேட்டேன். "லோகோஸ் இன்னும் பாக்கி இருக்கு லூர்து. இன்னா போடறது?"

வாயைத் திறந்தார். தோ. மறுபடி தோ. நெற்றியில் வேர்வை. இடது கையால் நாற்காலியைத் தட்டினார். கேட்டிருக்கக் கூடாது, இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வார்த்தை போனவரிடம் போய் வார்த்தையைக் கேட்டேன்.


நவ. 14, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

யோசனை: அவர் சொல்ல வேண்டாம். தேர்ந்தெடுக்கட்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை. பின்பக்க வெள்ளையில் பெரிய எழுத்தில் தமிழ் வார்த்தைகள், ஒவ்வொன்றும் பல அட்டையில். முப்பத்து நான்கு வாக்கியங்களும் தனித்தனித் தாளில், சுருக்கி, λ இருக்கும் இடத்தில் கட்டம் போட்டு, எண் கொடுத்து.

எந்த வார்த்தைகள்? காலை முழுக்க இதுதான்.

வேரில் ஆரம்பித்தேன். லெகெய்ன், லோகோஸ் பிறந்த வினை. லூ. ஒரு தடவை சொன்னது: பழைய கிரேக்கத்தில் அது பொறுக்கிச் சேர்ப்பது. சுவர் கட்டக் கல் பொறுக்குவதற்கும் சிதையில் எலும்பு பொறுக்குவதற்கும் அதே வினை. சேர்த்தால் எண்ணலாம். எண்ணினால் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லலாம். சொல்வது அங்கிருந்து வந்தது. அதனால் லோகோஸ் ஒருபோதும் ஒற்றை வார்த்தை அல்ல. அகராதியில் வருகிற ஒரு வார்த்தைக்கு அவர்களிடம் வேறு பெயர்கள் உண்டு. லோகோஸ் கோத்துச் சொல்வது.

அட்டைகள்:
பேச்சு – உரையும் இதில்தான்.
கணக்கு.
விளக்கம் – ஏன் என்று கேட்டால் தருவது.
காரணம்.
வாதம் – ஒருவர் எடுத்து வைப்பது.
விகிதம்.
வரையறை – ஒரு பொருள் இன்னது என்று சொல்வது.
அறிவு – பகுத்தறியும் திறன்.
ஒழுங்கு – உலகம் நடக்கும் முறை.
வாக்கு – கோயிலுக்கு.

கடைசியானது அத். 7-இல் ஒரே இடம், கிறிஸ்தவர்கள் இந்த வார்த்தையை எடுத்துக்கொண்ட கதை. அங்கேயே தகராறு. பிலோமியின் கோயிலில் "வாக்கு" என்று வாசிப்பார்கள். என்னோடு வேலை பார்த்த டீச்சர் வேறு சபை, அவர்கள் "வார்த்தை". லத்தீன்காரர்களுக்கும் இதே பாடுதான். அறிவு, கணக்கு பக்கத்துக்கு ஒன்று, பேச்சுப் பக்கத்துக்கு இன்னொன்று என்று பிரித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு அந்தப் பிளவோடு பிறந்தது. ஆகவே நம் ஆசிரியரே ஒரே வார்த்தை போட முடியாமல் கிரேக்கத்தை அப்படியே வைத்துவிட்டார். முன்னுரையில் அதை ஒப்புக்கொள்கிறார்.

தமிழில் கிட்டே வருவது "எண்ணு". எண்ணினால் கணக்கு, எண்ணினால் நினைப்பு. கிரேக்கனுக்கு ஒப்பாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் துள்ளினேன். ஆனால் அதில் பேச்சு இல்லை. "சொல்"லில் பேச்சு இருக்கிறது, கணக்கு இல்லை. இரண்டையும் ஒட்டவைத்தால்தான் லோகோஸ், ஒட்ட மாட்டேன் என்கின்றன.

இன்றைய கிரேக்கத்தில் குதிரைக்குப் பெயர் அலோகோ. லோகோஸ் இல்லாதது. பேசாத மிருகம், அப்புறம் குறிப்பாகக் குதிரை. இதைச் சொல்லி லூ. விழுந்து விழுந்து சிரித்தது ஞாபகம் வந்தது.

பொறி வைக்க, சம்பந்தமில்லாத அட்டை மூன்று: குரல், பாட்டு, கை.


நவ. 16, ஞாயிறு

பூசை முடிந்து அவர்கள் வந்த பிறகு, பதினொன்றுக்குப் போனேன். மீன் குழம்பு வாசனை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து அட்டைகளைப் பரப்பினேன். சதுரத்தின் தாளை வைத்தேன், மெதுவாக வாசித்தேன், கட்டத்தைக் காட்டினேன்.

பத்து விநாடி. இடது கை போய் "விகிதம்" அட்டையை எடுத்துக் கட்டத்தில் வைத்தது.

சரி.

அடுத்தது, குடிமகன் தாள். "கணக்கு" எடுத்தார், வைத்தார், எடுத்தார், "விளக்கம்" வைத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், அப்படியே விட்டார். எனக்கு அந்த வாக்கியத்தில் இதே தடுமாற்றம்தான்.

"பாட்டு" அட்டையை நான் வேண்டுமென்றே ஒரு தாளில் வைத்தேன். என்னைப் பார்த்து, பாவம் இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் ஒரு பார்வை. அட்டையைத் தட்டிக் கீழே தள்ளினார். பிலோமி சிரித்துவிட்டாள்.

அத். 4-இல் வருகிற பழைய ஞானி. உலகம் முழுக்க ஒரு லோகோஸின்படி ஓடுகிறது, அது எல்லோருக்கும் பொது என்று சொன்னவர். அந்த இரண்டு தாளுக்கும் எந்த அட்டையும் வேண்டாம் என்றார். "ஒழுங்கு" கொடுத்தேன், தள்ளினார். "அறிவு", தள்ளினார். பேனாவைக் கேட்டு, இடது கையால், கோணலாக, கட்டத்துக்குள் λ எழுதினார். அந்த ஆள் எல்லாப் பொருளையும் ஒரே சமயத்தில் வைத்துப் பேசுகிறார், ஒன்றைப் பிரித்தெடுத்தால் மற்றது செத்துப் போகும். அதனால் அங்கே லோகோஸ் என்றே இருக்க வேண்டும். புரிந்தது.

பேனா கையில் இருக்கும்போதே இன்னொன்று செய்தார். ஏற்கெனவே வைத்த "விகிதம்" அட்டையை இழுத்து, அதன் மூலையில் சின்னதாக ஒரு λ. பிறகு "விளக்கம்" மூலையில். "காரணம்" மூலையில். என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. இடத்துக்கு ஏற்ற வார்த்தை, அதன் தலையில் ஒரு சின்ன λ. வாக்கியமும் உளறாது, எல்லாம் ஒரே கிரேக்க வார்த்தை என்பதும் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவர் கேட்டதும் கிடைத்தது, நான் கேட்டதும் கிடைத்தது. ஒன்பது வருடம் இதை ஏன் நாங்கள் யோசிக்கவில்லை? இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

பிறகு தாள் 31. மனிதன் λ உடைய உயிர்.

"அறிவு" எடுத்து வைத்தார். அதன் பக்கத்தில் "பேச்சு" எடுத்து வைத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அட்டையை மெல்ல எடுத்துவிட்டேன். "அறிவு மட்டும் போதும் லூர்து. நல்லா இருக்கு."

திரும்ப வைத்தார்.

"வெறும் அறிவுன்னே…" என்று மறுபடி எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல பலம். "தோ! தோ தோ தோ!" கழுத்து நரம்பு புடைக்கிறது.

பிலோமி அடுப்படியிலிருந்து வந்து என் கையிலிருந்த அட்டையை வாங்கி அது இருந்த இடத்தில் வைத்தாள். "எடுக்காதக்கா. அது அவரோடது."

மீன் குழம்பு நன்றாக இருந்தது. சரியாகச் சாப்பிட முடியவில்லை.


நவ. 17, திங்கள்

மூட்டம். கேஸ் வந்தது.

கதிரவனிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார், பணிவாகத்தான்:

"தப்பா நெனக்காதீங்க மேடம். நீங்க எதிர்ல குந்திக்கினு இருக்கீங்க. நீங்க எத விரும்புறீங்களோ உங்க மொகத்துல தெரியும். அவரு அதப் பாத்து எடுக்குறாரு. என் பேரப்புள்ள கூட அப்டித்தான் என் மொகத்தப் பாத்து பஸ்ஸு, லாரின்னு படத்தத் தொடுது."

கோபம் வந்தது. வைத்த பிறகு, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றும் வந்தது. மேலும் என் ஆசை வேறு. அவர் அட்டையை எடுக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தாள் 31-இல் மட்டும் என் முகத்துக்கு எதிராகத்தானே செய்தார்? ஆனால் ஒரு தாள் போதாது.


நவ. 18, செவ்வாய்

மழை இல்லை. லீவு போட்டுவிட்டாள் பிலோமி.

தாள்களைக் கலைத்துப் போட்டேன். அவர் முன்னால் தாளை வைக்கிறவள் பிலோமி. அவளுக்கு எது சரி என்று தெரியாது, கிரேக்கமும் தெரியாது, "இந்தப் பரீட்ச எனக்கா அவருக்கா?" என்றாள். நான் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம். நடுவில் அவருக்கு ஓய்வு, காபி. இரண்டு காக்கா. ஒரு பாட்டில் மூடியை நாற்பது தடவை திருகினேன்.

முடிவு: முப்பத்து நான்கில் இருபத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை வைத்தது போலவே. ஐந்து மாறியிருக்கிறது. அதில் மூன்று, கணக்குக்கும் விளக்கத்துக்கும் நடுவில். இரண்டு, காரணத்துக்கும் வாதத்துக்கும் நடுவில். நான் செய்தாலும் அந்த ஐந்தில்தான் மாற்றுவேன். பொறி அட்டை ஒன்றையும் தொடவில்லை.

ஞானியின் இரண்டு தாளிலும் மறுபடி λ.

தாள் 31-இல் மறுபடி இரண்டு அட்டைகள். ஆனால் மேசையில் அது தனியாக இல்லை. தாள் 34 அதை ஒட்டி இருந்தது.

பிலோமி: "இது ரெண்டையும் சேத்து வச்சாரு. நான் பிரிச்சி வச்சேன். மறுபடி சேத்துட்டாரு. அப்பறம் நான் தொடல."

34 கடைசி அத்தியாயம். பிற்காலத்துக் கிரேக்கச் சிந்தனைப் பள்ளி ஒன்று லோகோஸை இரண்டாகப் பார்த்தது. உள்ளே இருப்பது ஒன்று, வாய் வழியே வெளியே வருவது ஒன்று. கிளியும் காக்காவும்கூட வார்த்தையை வெளியே விடும். அதனால் மனிதனை வேறாக்குவது வெளியே வருவது அல்ல, உள்ளே இருப்பது. கட்டம் அந்தத் தாளில் ஒன்றுதான், உள்ளே, வெளியே இரண்டுக்கும் அதே அட்டை பொருந்தினால்தான் வாக்கியம் நிற்கும். "அறிவு" வைத்தால் "வெளியே வரும் அறிவு" என்று இடறும். அவர் வைத்திருந்தது "பேச்சு". உள்ளே இருக்கும் பேச்சு, வெளியே வரும் பேச்சு. மேலே λ.

நின்றுகொண்டே இரண்டு தாளையும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் அட்டையை எடுத்தபோது அவர் சொல்ல வந்தது இதுதான். மனிதன் என்பதிலிருந்து பேச்சை எடுக்காதே. எனக்கு உள்ளே இருக்கிறது. ஆதாரம் வேண்டுமா, நான் மொழிபெயர்த்த கடைசி அத்தியாயத்தைப் பார்.

இரக்கப்பட்டு எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னதைத்தான் நானும் வேறு விதமாகச் செய்திருக்கிறேன்.

"புரிஞ்சுது லூர்து," என்றேன். "ரெண்டும் இருக்கட்டும்."

"இல்ல," என்றார். தலை ஆமாம் என்று ஆடியது.


நவ. 20, வியாழன்

நேற்று முழுக்க டைப் வேலை. கண் எரிச்சல். எழுதவில்லை.

காலை பென் டிரைவோடு கதிரவன் ஆபீஸ். வெளியே செருப்பு, உள்ளே மை வாசனை. தாள் 31-ஐயும் 34-ஐயும் மேசையில் சேர்த்து வைத்தேன். லூ. வைத்த மாதிரி. செவ்வாய்க்கிழமை நான் பின்கட்டில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன்.

கதிரவன் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு இரண்டையும் வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"இத அவரே சேத்து வச்சாரா?"

"பிலோமி பிரிச்சா. மறுபடி சேத்தாரு."

"அப்ப காரணம் சொல்றாரு."

"ஆமா."

கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். பிறகு, தலையில் சின்ன எழுத்து போட்டால் வரிக்கு வரி இடைவெளி பார்க்க வேண்டும், இரண்டு பக்கம் கூடும் என்று முணுமுணுத்தார். கூடட்டும் என்றேன்.

"மேலட்டைல ரெண்டு பேரு பேரும். யாரு மொதல்ல?"

"அகரவரிசை. அவரு ல, முன்னாடி. நான் வ, பின்னாடி."

"உங்களுக்குச் சரிதான மேடம்?"

சரி என்றேன். உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. படியிறங்கும்போது, பத்து நாள் முன்பு உடனே மறுக்காமல் இருந்தேனே என்பது மட்டும் நெஞ்சில் உறுத்தியது. லூர்துவிடம் இதைச் சொல்ல வேண்டும்.

வரும் வழியில் கத்தரிக்காய், கீரை. குடைக்கம்பி கிடைக்கவில்லை.


நவ. 22, சனி

வெயிலும் தூறலும். மூலக்குளம்.

முதலில் சொல்லிவிட்டேன். அட்டையில் என் பெயர் மட்டும் போடலாமா என்று கதிரவன் கேட்டார், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றேன். லூ. கேட்டுக்கொண்டார். இடது கையைக் காற்றில் ஒரு வீசு. போகுது விடு என்பதா, தெரியும் என்பதா. இரண்டுமாக இருக்கலாம். பிறகு மேசையைத் தட்டினார், வேலையை எடு என்று.

ப்ரூஃபில் சேர்க்க, சொல்லடைவுக்கு நான் எழுதிய குறிப்பு. எட்டு வரி. முதல் லோகோஸ் வரும் இடத்தில் அடிக்குறிப்பாகவும் போடலாம். பொறுக்குவது, எண்ணுவது, சொல்வது. கணக்கு, விகிதம், காரணம், வரையறை. லத்தீன் இரண்டாகப் பிரித்தது. ஏன் தமிழில் ஒரே வார்த்தை போடவில்லை. எல்லாம் இருக்கிறது. வரி வரியாக வாசித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கடைசி வரி: "எனினும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டுமென்றால் 'சொல்' என்பதே நெருங்கி வரும்."

பேனாவை வாங்கிக் கடைசி வரியை ஒரே கோடாக அடித்தார்.

"ஏன்? நெருங்கி வரும்னுதான போட்டிருக்கேன். அதேன்னு சொல்லலியே."

"தோ." மறுபடி அடித்தார்.

"ஒரு வரி லூர்து. முப்பத்து நாலு எடத்துலயும் விட்டுக் குடுத்தேன், எனக்கு ஒரு வரி இருக்கட்டும்."

அவர் அட்டைக் கட்டைக் கேட்டார். "விகிதம்" எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கே உன் சொல், இதை நெருங்கட்டும். "கணக்கு" எடுத்து வைத்தார். "காரணம்". ஒவ்வொன்றுக்கும் மேசையில் ஒரு தட்டு. "தோ! தோ தோ! வுவாலா!"

"விகிதம் ஒண்ணு போனா போவுது, மிச்சத்துக்கு…"

"தோ!"

"மிச்சத்துக்கு வரும்ங்கிறேன்!"

நானும் தட்டினேன். அட்டைகள் பறந்தன. டீக்கடையில் கேட்ட என் குரல் எனக்கே கேட்டது. அவர் முகம் சிவந்து, கண் பளபளவென்று, வாய் ஓரத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரம்மா: "பிலோமி, இன்னாடி சத்தம்? அவருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

பிலோமி துணி காயப்போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்: "ஒண்ணுமில்லக்கா. வாதாடிக்கினு இருக்காரு."

அடித்த வரி அடித்ததுதான், குறிப்பு அது இல்லாமலே அச்சுக்குப் போகிறது.